வீட்டிலிருந்து ஜர்னல் திறக்கவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழக நூலகத்தில் மின்னிதழ்ப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இரவு ஒன்பது மணிக்கு மேல் வரும் மெயில்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. பாஸ்வேர்டு சரியாக இருக்கும், சந்தாவும் இருக்கும், கட்டுரை மட்டும் திறக்காது. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே போட்டிருக்கிறேன். முகவரிகளில் `example` என்று இருக்கும் இடத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயரை வைத்துப் படியுங்கள்.

கேம்பஸில் சும்மா திறந்த கட்டுரை, வீட்டில் பணம் கட்டச் சொல்கிறது. ஏன்?

கேம்பஸில் உங்களை யாரும் அடையாளம் பார்க்கவில்லை. பார்த்தது கேம்பஸ் இணைப்பின் ஐபி எண்ணை. எங்கள் ஐபி எண்களின் வரம்பை நாங்கள் பதிப்பகத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்திருப்போம். அந்த வரம்புக்குள்ளிருந்து யார் வந்தாலும் கதவு திறந்துவிடும். வீட்டு வைஃபையும் மொபைல் டேட்டாவும் அந்த வரம்பில் இல்லை என்பதால் பதிப்பகத்துக்கு நீங்கள் யாரோ ஒரு வழிப்போக்கர்.

வெளியிலிருந்து உள்ளே வர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ப்ராக்ஸி. நூலகத்தின் சர்வர் நடுவில் நின்று, உங்களுக்காகத் தானே பதிப்பகத்திடம் போய்ப் பக்கத்தை வாங்கி வந்து தருகிறது. பதிப்பகம் பார்ப்பது சர்வரின் ஐபி எண்ணை. ஈஸிப்ராக்ஸி என்ற மென்பொருளைத்தான் பல நூலகங்கள் இதற்கு வைத்திருக்கின்றன. மற்றொன்று நிறுவன லாகின். பதிப்பகத்தின் பக்கத்தில் `Access through your institution` என்பது போன்ற பட்டனை அழுத்தினால், உங்கள் பல்கலைக்கழகத்தின் லாகின் பக்கத்துக்கு அனுப்பிவைக்கும். அங்கே பாஸ்வேர்டு கொடுத்ததும், "இவர் எங்கள் ஆள்தான்" என்ற ஒரு சீட்டோடு உங்களைப் பதிப்பகத்துக்கே திருப்பி அனுப்பும்.

இரண்டுக்கும் காலக்கெடு உண்டு. இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் பல அந்தக் கெடு முடிந்த கதைதான்.

ஏழு மணிக்கு நன்றாக வேலை செய்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பிடிஎஃப்பை அழுத்தினால் லாகின் கேட்கிறது. என் கணக்கை முடக்கிவிட்டார்களா?

இல்லை. ப்ராக்ஸி உங்களை மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஓர் ஆய்வு மாணவியின் மாலையை எடுத்துக்கொள்வோம். 6.40க்கு நூலகப் பக்கத்தின் வழியாக உள்ளே போகிறார். 7.05க்குக் கடைசியாக ஒரு கட்டுரையைத் திறக்கிறார். அதைப் படிக்கிறார், குறிப்பெடுக்கிறார், சாப்பிடப் போகிறார், அம்மாவிடம் போனில் பேசுகிறார். 9.30க்கு அதே டேபில் `View PDF` அழுத்துகிறார். லாகின் பக்கம் வருகிறது.

ஈஸிப்ராக்ஸியில் ஒரு செஷன் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்பதை `MaxLifetime` என்ற அமைப்பு தீர்மானிக்கிறது. நூலகம் மாற்றாமல் விட்டால் அது 120 நிமிடம். கணக்கு தொடங்குவது நீங்கள் லாகின் செய்த நேரத்திலிருந்து இல்லை. கடைசியாக ப்ராக்ஸி வழியாக எதையாவது கேட்ட நேரத்திலிருந்து. அந்த மாணவிக்கு 9.05க்கே செஷன் முடிந்துவிட்டது.

இங்கே பலரும் ஏமாறுவது ஒரு விஷயத்தில். "நான் படித்துக்கொண்டுதானே இருந்தேன்" என்பார்கள். நீங்கள் படிப்பது ப்ராக்ஸிக்குத் தெரியாது. பக்கம் உங்கள் கணினிக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதை மேலும் கீழும் உருட்டுவது உங்களுக்கும் திரைக்கும் நடுவில் நடப்பது. புதிதாக ஒன்றை அழுத்தினால்தான் ப்ராக்ஸிக்குச் செய்தி போகும்.

இந்த நிலையில் பாஸ்வேர்டைத் திரும்பப் போட்டாலே போதும். நீங்கள் கேட்ட முகவரியை ப்ராக்ஸி நினைவில் வைத்து அங்கேயே கொண்டுபோய் விடும். ஆனால் அந்தத் தளத்தில் நீங்கள் டிக் செய்து வைத்த தேர்வுகள் போயிருக்கலாம். முப்பது கட்டுரைகளின் மேற்கோள் விவரங்களை எக்ஸ்போர்ட் செய்வதாக இருந்தால் சாப்பிடப் போகும் முன்பே செய்துவிடுங்கள்.

நான் ப்ராக்ஸி வழியாக வந்தேனா, நிறுவன லாகின் வழியாக வந்தேனா என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

முகவரிப் பட்டையைப் பாருங்கள். எனக்கு வரும் ஸ்கிரீன்ஷாட்டுகளில் பத்தில் எட்டில் அதைத்தான் வெட்டிவிட்டு அனுப்புகிறார்கள்!

ப்ராக்ஸி வழியாக வந்திருந்தால் பதிப்பகத்தின் பெயரோடு நூலகத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். புள்ளிகள் இருந்த இடத்தில் சிறு கோடுகள் வந்திருக்கும்:

```
https://www-sciencedirect-com.proxy.example.ac.in/science/article/...
```

நிறுவன லாகின் என்றால் முகவரி பதிப்பகத்தின் சொந்த முகவரியாகவே இருக்கும். பக்கத்தின் மேல் ஓரத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயர் தெரியும்.

மூன்றாவது ஒரு நிலையும் உண்டு. முகவரி பதிப்பகத்துடையது, நிறுவனத்தின் பெயரும் எங்கும் இல்லை. அப்படியென்றால் நீங்கள் எந்த வழியாகவும் உள்ளே வரவே இல்லை. கூகுள் ஸ்காலரில் தேடி நேராக அழுத்தி வந்திருப்பீர்கள். விலை போட்ட பக்கம் வருவது பெரும்பாலும் இப்படித்தான். இன்னொரு டேபில் ப்ராக்ஸி திறந்திருக்கிறதே என்றால், அது அந்த டேபுக்கு மட்டும்தான். கூகுள் காட்டும் முகவரிக்கு ப்ராக்ஸி என்று ஒன்று இருப்பதே தெரியாது.

"Stale Request" என்று வருகிறது. பாஸ்வேர்டு சரிதான், மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்.

எத்தனை தடவை போட்டாலும் இதே செய்திதான் வரும். நடுவழியில் நடந்தது என்னவென்று தெரிந்தால் ஏன் என்று புரியும்.

பட்டனை அழுத்தியதும் பதிப்பகம் ஒரு கோரிக்கையை உங்கள் பிரவுசரின் கையில் கொடுத்துப் பல்கலைக்கழகத்தின் லாகின் சர்வருக்கு அனுப்புகிறது. பல இடங்களில் அந்த சர்வரில் ஓடுவது ஷிபோலெத் என்ற மென்பொருள். அது, "இன்னாருக்கு இன்ன பதிப்பகத்திலிருந்து வந்த கோரிக்கை" என்று ஓர் உரையாடலைத் தொடங்கித் தன் நினைவில் வைத்துக்கொள்கிறது. லாகின் பக்கத்தின் முகவரியில் அதன் அடையாளம் தெரியும்:

```
https://idp.example.ac.in/idp/profile/SAML2/Redirect/SSO?execution=e1s1
```

`e1` என்பது முதல் உரையாடல், `s1` அதன் முதல் படி. பாஸ்வேர்டு கொடுத்தால் `s2` ஆகும். இந்த `e1s1` உங்கள் அன்றைய பிரவுசருக்கும் அந்த சர்வருக்கும் மட்டுமே பொருள்படும். லாகின் பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தாலும், பேக் பட்டனை அழுத்தித் திரும்பினாலும், நேற்றைய புக்மார்க்கிலிருந்து வந்தாலும், சர்வர் தன் நினைவில் அந்த உரையாடலைத் தேடும். கிடைக்காது. உங்களை எங்கே திருப்பி அனுப்புவது என்றுகூட அதற்குத் தெரியாது, ஏனென்றால் அந்தத் தகவலும் அந்த உரையாடலில்தான் இருந்தது. அதனால்தான் அந்தப் பக்கம் உங்களை எங்கும் கொண்டுபோகாமல் அப்படியே நிற்கிறது.

செய்ய வேண்டியது: அந்த டேபை மூடுங்கள். ரெஃப்ரெஷ் வேண்டாம், பேக் வேண்டாம். கட்டுரையின் பக்கத்துக்குப் போய் அங்கிருந்து நிறுவன லாகினைப் புதிதாகத் தொடங்குங்கள்.

இதற்கு உறவுக்காரச் செய்தி ஒன்று உண்டு. லாகின் முடிந்து பதிப்பகத்தின் பக்கம் திரும்பியபிறகு வருவது:

```
opensaml::SecurityPolicyException
Message expired, was issued too long ago.
```

இது சீட்டின் பழுது. பல்கலைக்கழகம் கொடுக்கும் அடையாளச் சீட்டு சில நிமிடங்களுக்குத்தான் செல்லும். ஷிபோலெத் தானாக வைக்கும் அளவு 5 நிமிடம். ஒரு தடவை காட்டிய சீட்டை மறுபடி காட்டவும் முடியாது. பேக் பட்டனை அழுத்தும்போது பிரவுசர் பழைய சீட்டையே திரும்ப நீட்டுகிறது, பதிப்பகம் மறுக்கிறது. நீங்கள் எதையும் தொடாமலே ஒவ்வொரு முறையும் இந்தச் செய்தி வந்தால் விஷயம் வேறு. இரண்டு சர்வர்களில் ஒன்றின் கடிகாரம் தள்ளிப்போயிருக்கலாம். அதை நாங்கள்தான் சரிசெய்ய வேண்டும், எழுதுங்கள்.

லாகின் பக்கத்தையே புக்மார்க் செய்து வைத்திருக்கிறேன். தினமும் தேட வேண்டாமே என்றுதான். தப்பா?

தப்பு என்று சொல்ல மனம் வரவில்லை, எவருக்கும் தோன்றுவதுதான். ஆனால் அது வேலை செய்யாது. நேற்று சினிமா பார்த்த டிக்கெட்டை இன்றைக்கு நீட்டுவது மாதிரி. முகவரியில் `execution=`, `SAMLRequest=`, `connect?session=` இவற்றில் எது இருந்தாலும் அது அந்த நேரத்துக்கு மட்டும் பிறந்த முகவரி. சேமிக்காதீர்கள். கடைசியில் சொன்னதை நண்பருக்கும் அனுப்பாதீர்கள், அதில் உங்கள் செஷன் இருக்கிறது.

சேமிக்கத் தகுந்தது ப்ராக்ஸியின் தொடக்க முகவரி:

```
https://proxy.example.ac.in/login?url=https://www.sciencedirect.com/
```

`url=` என்பதற்குப் பின்னால் பதிப்பகத்தின் சாதாரண முகவரியை அப்படியே ஒட்டலாம். செஷன் இருந்தால் நேராகப் போகும், இல்லாவிட்டால் லாகின் கேட்டுவிட்டுப் போகும். எந்த நாளிலும் பழையதாகாது.

இதை ஒவ்வொரு தடவையும் கையால் ஒட்டச் சலிப்பாக இருந்தால், ஒரு புக்மார்க்கை உருவாக்கி அதன் முகவரிக் கட்டத்தில் இந்த ஒரு வரியைப் போடுங்கள்:

```
javascript:location.href='https://proxy.example.ac.in/login?url='+location.href;
```

கூகுள் ஸ்காலர் வழியாக விலை போட்ட பக்கத்துக்கு வந்து நின்றால், இந்தப் புக்மார்க்கை ஒரு தட்டு தட்டுங்கள். அதே கட்டுரை ப்ராக்ஸி வழியாகத் திறக்கும். என் அனுபவத்தில் மாணவர்களுக்கு இதைவிட உபயோகமான ஒரு வரியை நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஒரு எச்சரிக்கை. சில தளங்களுக்கு இதைச் செய்தால், அந்தத் தளத்தின் பெயரை `config.txt` என்ற கோப்பில் நிர்வாகி முதலில் சேர்க்க வேண்டும் என்று ப்ராக்ஸி சொல்லும். உங்கள் பக்கம் எந்தப் பிழையும் இல்லை. அந்தத் தளத்துக்கு எங்களிடம் சந்தா இல்லை, அல்லது பதிப்பகம் முகவரியை மாற்றியதை நாங்கள் கவனிக்கவில்லை. `doi.org` முகவரியை ஒட்டும்போதும் சில நூலகங்களில் இது வரும். அப்போது கட்டுரையின் நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணை முதலில் தனியாகத் திறந்து, போய்ச் சேர்ந்த பதிப்பகப் பக்கத்தில் புக்மார்க்கைத் தட்டுங்கள்.

பிடிஎஃப் திறந்து படித்துக்கொண்டிருந்தேன். டேபை ரெஃப்ரெஷ் செய்ததும் AccessDenied என்று ஏதோ கோட் வருகிறது.

சயின்ஸ்டைரக்ட் பிடிஎஃப்பா? அங்கே இது அடிக்கடி நடக்கும். பிடிஎஃப் கோப்பு கட்டுரைப் பக்கத்தில் இல்லை, தனியாக ஒரு கிடங்கில் இருக்கிறது. அழுத்தும்போது அந்தக் கிடங்குக்கு ஒரு தற்காலிக முகவரி உருவாகும். அதற்குள் `X-Amz-Expires=300` என்று இருக்கும். 300 நொடி, அதாவது 5 நிமிடம். அதற்குப் பின் ரெஃப்ரெஷ் செய்தால் கெடு முடிந்தது என்று கிடங்கு சொல்லும்:

```
<Code>AccessDenied</Code>
<Message>Request has expired</Message>
```

உங்கள் லாகின் நன்றாகத்தான் இருக்கிறது. கட்டுரைப் பக்கத்துக்குப் போய் மறுபடி அழுத்தினால் புது முகவரி கிடைக்கும். குறிப்பேட்டிலோ வழிகாட்டிக்கு எழுதும் மெயிலிலோ இந்த நீள முகவரியை ஒட்டி வைக்காதீர்கள், டிஓஐ எண்ணைக் குறித்து வையுங்கள்.

லாகின் ஆகிறது, பதிப்பகத்துக்குப் போகிறது, மறுபடி லாகினுக்கே வந்து நிற்கிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது.

முதலில் பிரைவேட் விண்டோவில் அதே கட்டுரையைத் திறந்து பாருங்கள். அங்கே வேலை செய்தால் கோளாறு உங்கள் பிரவுசரில் கிடக்கும் பழைய குக்கீயில். உங்களை நினைவில் வைக்க ப்ராக்ஸியும், லாகின் சர்வரும், பதிப்பகமும் ஆளுக்கொரு குக்கீ போட்டிருக்கும். மூன்றின் காலக்கெடுவும் ஒன்றுபோல இருக்காது. பதிப்பகத்தின் குக்கீ செத்து, லாகின் சர்வருடையது உயிரோடு இருந்தால் பாஸ்வேர்டு கேட்காமலே உள்ளே விட்டுவிடும். "நேற்று கேட்டது, இன்று கேட்கவில்லை" என்று சிலர் குழம்புவது இதனால்தான். அரைகுறையாகச் செத்த குக்கீ ஒன்று நடுவில் மாட்டிக்கொண்டால் இந்தச் சுற்று தொடங்கிவிடும்.

எல்லாக் குக்கீகளையும் அழிக்க வேண்டியதில்லை. அதைச் செய்தால் வங்கி முதல் மெயில் வரை அனைத்திலும் வெளியே வந்துவிடுவீர்கள். அந்தப் பதிப்பகத் தளத்தில் நின்றுகொண்டு முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் உள்ள சின்னத்தை அழுத்தினால் அந்தத் தளத்தின் குக்கீகளை மட்டும் நீக்கும் வழி இருக்கும். குரோமில் `Cookies and site data`, ஃபயர்ஃபாக்ஸில் `Clear cookies and site data`. லாகின் பக்கத்திலும் இதையே செய்யுங்கள். ப்ராக்ஸி என்றால் இன்னும் சுலபம், `https://proxy.example.ac.in/logout` என்று அடித்து ஒரு தடவை வெளியேறிவிட்டு வரலாம்.

பிரைவேட் விண்டோவிலும் சுற்றினால் குக்கீ காரணமில்லை. அடுத்துப் பார்க்க வேண்டியது விளம்பரத் தடுப்பான்கள், அப்புறம் கட்டண விபிஎன். அவற்றை நிறுத்திவிட்டு ஒரு முறை முயலுங்கள்.

பதிப்பகத்தின் நிறுவன லாகின் பட்டியலில் எங்கள் கல்லூரியே இல்லை. ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன் எல்லோருக்கும்தானே?

மத்திய அரசே நாடு முழுவதற்கும் ஜர்னல் சந்தா வாங்கும் இந்தத் திட்டம் எல்லோருக்கும் இல்லை. 2025 ஜனவரியில் தொடங்கிய முதல் கட்டம் மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும்தான். தனியார் சுயநிதிக் கல்லூரி என்றால் உங்கள் நூலகம் தனியாக வாங்கிய சந்தா மட்டுமே இருக்கும்.

அரசு நிறுவனமாக இருந்தும் பெயர் தெரியவில்லை என்றால் தேடும் விதத்தை மாற்றிப் பாருங்கள். திட்டத்தை நடத்துவது காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட். வெளியிலிருந்து வருவோரின் லாகினுக்கு அது நடத்தும் கூட்டமைப்பின் பெயர் இன்ஃபெட். சில பதிப்பகங்களின் பக்கத்தில் முதலில் நாட்டையோ கூட்டமைப்பையோ தேர்ந்தால்தான் கல்லூரிப் பெயர்கள் வரும். சுருக்கப் பெயரில் தேடாமல் முழுப் பெயரை ஆங்கிலத்தில் அடியுங்கள்.

இன்னொன்று: முன்பு படித்த இடத்தின் பெயரை பிரவுசர் நினைவில் வைத்துக்கொண்டு, பட்டனை அழுத்தியதும் அங்கேயே அனுப்பும். எம்எஸ்சி ஒரு ஊரில், பிஎச்டி இன்னொரு ஊரில் என்று போனவர்களுக்கு இது சகஜம். பழைய பெயருக்கு அருகில் நிறுவனத்தை மாற்றுவதற்கான இணைப்பு இருக்கும்.

இன்றைக்கு எங்கள் துறையில் யாருக்குமே திறக்கவில்லை. எல்லோருடைய செஷனும் ஒரே நேரத்தில் முடியுமா?

முடியாது. அது செஷன் விஷயம் இல்லை. எங்கள் சர்வரின் சான்றிதழ் காலாவதியாகியிருக்கலாம், சந்தா புதுப்பிப்பு தாமதமாகியிருக்கலாம். அல்லது யாரோ ஒருவர் ஏதோ ஒரு புரோகிராமை ஓடவிட்டு நூற்றுக்கணக்கான பிடிஎஃப்களை மொத்தமாக இறக்கியிருப்பார். பதிப்பகத்துக்குத் தெரிவது ப்ராக்ஸியின் ஐபி எண் மட்டும்தான், அதனால் அந்த எண்ணையே அடைத்துவிடும். ஒருவருக்காக மொத்தப் பல்கலைக்கழகமும் வெளியே நிற்கும். எங்கள் பதிவேட்டிலிருந்து அந்தக் கணக்கைக் கண்டுபிடித்து, பதிப்பகத்துக்கு விளக்கம் எழுதி, அவர்கள் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். பாஸ்வேர்டை நண்பருக்குக் கொடுக்காதீர்கள் என்று நாங்கள் நச்சரிப்பது இதற்காகத்தான். பதிவேட்டில் இருப்பது உங்கள் பெயர்.

நூலகத்துக்கு எழுதினால் "மறுபடி முயலுங்கள்" என்றுதான் பதில் வருகிறது. எப்படி எழுதினால் உருப்படியாகப் பார்ப்பீர்கள்?

"ஜர்னல் ஓபன் ஆகவில்லை" என்று மட்டும் எழுதினால் எங்களால் வேறு பதில் எழுத முடியாது. இப்படி எழுதினால் நேராகப் பதிவேட்டைத் திறந்து பார்ப்பேன்:

"நேற்று இரவு 9.30, வீட்டு வைஃபை, குரோம். நூலகப் பக்கத்திலிருந்து தொடங்கினேன். பாஸ்வேர்டு ஏற்றுக்கொண்டது, அதன் பிறகு Stale Request. பிரைவேட் விண்டோவிலும் அதேதான். கட்டுரையின் டிஓஐ இது. முகவரிப் பட்டையோடு எடுத்த படம் இணைப்பில்."

நேரம் மிக முக்கியம், பதிவேட்டில் தேடுவது அதை வைத்துத்தான். பாஸ்வேர்டை எழுதாதீர்கள், எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கட்டுரை காலைக்குள் வேண்டும் என்றால் அதையும் ஒரு வரி சேருங்கள். லாகினைச் சரிசெய்ய ஒரு நாள் ஆகலாம், அதற்குள் அந்த ஒரு கட்டுரையை வேறு வழியில் கிடைக்கச் செய்ய முடிகிறதா என்று பார்ப்போம்.